ஒரு குடும்பச் சண்டைக்கு இத்தனை வழக்கு எதற்கு?

கேள்வி: நல்லூரில் சீதன வீட்டில் இருந்த என் தங்கையைக் கணவர் அடித்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பிள்ளைகள் இருவருடன் இப்போது சுன்னாகத்தில் எங்களோடு இருக்கிறாள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். ஆனால் தாபரிப்பு, பாதுகாப்புக் கட்டளை, விவாகரத்து என்று வேறு வழக்குகளும் போடச் சொல்கிறார்கள். பொலிஸ் வழக்கு முடிந்த பிறகு மற்றதைப் பார்த்தால் போதாதா? முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் விவாகரத்துக்குச் சம்மதம் என்று கணவர் வீட்டார் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

காத்திருக்க வேண்டாம். பொலிஸ் வழக்கு முடியும்வரை மற்ற வழக்குகளைப் போடாமல் இருந்தால், உங்கள் தங்கை சில உரிமைகளைத் தானாகவே இழந்துவிடுவார். கணவர் வீட்டார் முன்வைக்கும் பேரத்துக்கும் இப்போது தலையாட்ட வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

அடிப்படை வேறுபாடு வழக்கு யாருடையது என்பதில் இருக்கிறது. உங்கள் தங்கையின் கை முறிந்தது அவருக்கு நேர்ந்த துன்பம். ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் பார்வையில் அது நாட்டின் சட்டத்துக்கு எதிரான குற்றம். ஆகவே நீதவான் நீதிமன்றத்தில் அந்த வழக்கைத் தாக்கல் செய்வது பொலிஸார். கணவர் அங்கே எதிரி. உங்கள் தங்கை முறைப்பாட்டாளர், சாட்சி, அவ்வளவுதான். அந்த வழக்கின் கடிவாளம் அவர் கையில் இல்லை. கணவர் குற்றவாளியா, ஆம் எனில் என்ன தண்டனை என்ற ஒரே கேள்விக்குத்தான் அங்கே விடை தேடப்படும். குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் பால்மா, பள்ளிக்கூடச் செலவு, வீட்டுத் திறப்பு, திருமணம் நிலைக்குமா முறியுமா என்ற எதுவும் அந்தத் தீர்ப்பில் வராது.

குடியியல் வழக்கு அப்படியல்ல. அது உங்கள் தங்கையின் வழக்கு. அவர் கேட்டால்தான் நீதிமன்றம் கொடுக்கும், கேட்காததைக் கொடுக்காது. நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. இரு தரப்புச் சாட்சியங்களையும் நிறுத்துப் பார்த்து, எது நடந்திருப்பதற்கு அதிக வாய்ப்பு உண்டோ அதன் பக்கம் தீர்ப்புச் சாயும். ஆகவே ஒரே சம்பவத்தில் கணவர் குற்றவியல் வழக்கில் சந்தேகத்தின் பலனால் விடுதலையாகி, குடியியல் வழக்கில் தோற்கவும் கூடும். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லி எதிர்த்தரப்பு வாதாடுவதுண்டு. அந்த விதி குற்றத்துக்கும் தண்டனைக்கும் உரியது. தாபரிப்புப் பணம் தண்டனை அல்ல.

நமது ஊரில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், நீதவான் நீதிமன்றம் என்றாலே பொலிஸ் வழக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தாபரிப்பு விண்ணப்பமும் பாதுகாப்புக் கட்டளைக்கான விண்ணப்பமும் கேட்கப்படுவது அதே நீதவான் முன்னிலையில்தான். ஆனால் அவை குடியியல் தன்மை கொண்டவை. அங்கே கணவர் பிரதிவாதி. குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. கட்டளை பிறந்தாலும் அவர் பெயரில் குற்றப் பதிவு எதுவும் ஏற்படாது. விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, சொத்து ஆகியவை மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. இத்தனைக்கும் இடம்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடி விழுந்தது நல்லூரில் என்பதால் அந்த வழக்கு யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் தங்கை இப்போது சுன்னாகத்தில் வசிப்பதால், விவாகரத்து வழக்கை மல்லாகத்தில் போடலாம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா வழக்குகளுக்கும் அத்திவாரம் அதுதான்.

பொலிஸ் நிலையத்தில் தங்கை கொடுத்த வாக்குமூலத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரிந்திருக்காது. பதற்றத்தில் சொல்லி, வாசித்துக் காட்டியதற்குத் தலையாட்டி, கையெழுத்திட்டுவிட்டு வந்திருப்பார். முறைப்பாட்டின் பிரதியை விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். அடி விழுந்த திகதி, நேரம், எதனால் அடித்தார், எந்தக் கை, யார் பார்த்தார்கள், அன்றிரவு எப்படி வீட்டை விட்டு வெளியேறினார் என்ற ஆறு விடயங்களும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பின்னர் கையில் வைத்துக்கொண்டு, ‘அன்று இப்படிச் சொன்னீர்கள், இன்று வேறு மாதிரிச் சொல்கிறீர்கள்’ என்று காட்டுவார். அந்த வாக்குமூலம் சட்டத்தில் பெரிதும் பயன்படுவதே இப்படி முரண்பாட்டைக் காட்டத்தான். ஆகவே தாபரிப்பு விண்ணப்பத்தில் ஒரு திகதியும், விவாகரத்து வழக்கின் முறைப்பாட்டுரையில் இன்னொரு திகதியும், பொலிஸ் புத்தகத்தில் மூன்றாவது திகதியும் இருந்தால், உண்மை பேசுகிற பெண்ணே பொய்யராகத் தெரிவார். வழக்குகள் ஒன்றாக ஓடும்போது வரக்கூடிய பெரிய ஆபத்து இதுதான். அதைத் தவிர்க்க வழி சுலபமானது. வெவ்வேறு சட்டத்தரணிகள் பார்த்தாலும், எல்லாப் பத்திரங்களும் ஒரே நாட்குறிப்பிலிருந்து எழுதப்பட வேண்டும். இன்றே ஒரு அப்பியாசக் கொப்பியில் திருமணம் முதல் நேற்று வரை திகதி வாரியாக அவரை எழுதச் சொல்லுங்கள். திகதி நினைவில்லாத இடத்தில் ‘மார்கழி மாதம், மழை நாட்கள்’ என்று எழுதட்டும். ஊகித்துத் திகதி போட வேண்டாம்.

அடுத்தது மருத்துவ அறிக்கை. பொலிஸார் கொடுக்கும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்துடன் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். காட்டவில்லை என்றால் உடனே பொலிஸாரிடம் படிவத்தைக் கேளுங்கள். எலும்பு முறிந்தால் சட்டத்தின்படி அது பாரதூரமான காயம். சாதாரண காயம் விளைவித்தலுக்கு 314 ஆம் பிரிவின் கீழ் ஒரு வருடம் வரை சிறை என்றால், பாரதூரமான காயத்துக்கு 316 ஆம் பிரிவின் கீழ் 7 வருடம் வரை போகும். ‘கை வீங்கியிருந்தது’ என்று மட்டும் எழுதப்பட்ட தனியார் மருத்துவமனைத் துண்டை வைத்துக்கொண்டு 316 ஐ நிறுவ முடியாது. எக்ஸ்ரே படமும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும்தான் வழக்கின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. வேறு பல விடயங்களில் கணவன் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கணவர் மனைவிக்கு உடற்காயம் விளைவித்த வழக்கில் மனைவியைச் சாட்சி சொல்ல நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம் என்று சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ‘பிறகு மனம் மாறினால் வராமல் விட்டுவிடலாம்’ என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அழைப்பாணை வந்தால் போக வேண்டும். போகாவிட்டால் பிடியாணை அவருக்கே வரும்.

பாதுகாப்புக் கட்டளைக்கு வருவோம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்கிறோம். பாதிக்கப்பட்டவரே விண்ணப்பிக்கலாம், அவர் சார்பாகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரம் இருப்பதாக நீதவான் கருதினால் உடனே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். 14 நாட்களுக்குள் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். விசாரணை முடிந்து கிடைக்கும் கட்டளை 12 மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்கு நிற்கும். கணவர் உங்கள் வீட்டு வாசலுக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ வரக்கூடாது, நல்லூர் வீட்டுக்குத் தங்கை திரும்பிப் போவதைத் தடுக்கக்கூடாது, பிள்ளைகளைத் தொடர்புகொள்ளக்கூடாது என்றெல்லாம் அதில் கேட்கலாம். அவசரப் பண உதவியும் கேட்கலாம்.

‘பிணையில் விட்ட போதே நீதவான் அவரை எச்சரித்துத்தானே அனுப்பினார், இது எதற்கு’ என்று கேட்பீர்கள். பிணை நிபந்தனை குற்றவியல் வழக்கோடு ஒட்டியது. அந்த வழக்கு எந்த விதமாக முடிந்தாலும் நிபந்தனையும் அன்றோடு முடியும். எதிரி விடுதலையானால் அன்று மாலையே வாசலில் வந்து நிற்கலாம். பாதுகாப்புக் கட்டளை அப்படியல்ல, தன் காலம் முடியும்வரை அது தனியாக நிற்கும். அதன் குணமே கொஞ்சம் கலப்பானது. பெறும்வரை அது குடியியல் நிவாரணம், மீறினால் குற்றம். மீறினால் ஒரு வருடம் வரை சிறையோ, 10,000 ரூபா வரை தண்டப்பணமோ, இரண்டுமோ கிடைக்கும். குடியியலும் குற்றவியலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் குடும்பச் சட்டத்தில் இல்லை. பாதுகாப்புக் கட்டளை பெறுவதால் வேறு குடியியல் வழக்குக்கோ குற்றவியல் வழக்குக்கோ உள்ள உரிமை போய்விடாது.

தாபரிப்புத்தான் காத்திருப்பால் நேரடியாகப் பணத்தை இழக்கும் இடம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் போதிய வருமானம் உள்ள ஒருவர், தன்னைப் பராமரிக்க இயலாத மனைவியையோ கணவரையோ பராமரிக்காமல் விட்டாலும், பிள்ளைகளைப் பராமரிக்காமல் விட்டாலும், மாதாந்தம் ஒரு தொகை கட்டும்படி நீதவான் கட்டளையிடலாம். அந்தக் கட்டளை பொதுவாக விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அடித்த நாளிலிருந்தோ, பிரிந்த நாளிலிருந்தோ அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தங்கைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 40,000 ரூபா கிடைக்கக்கூடிய நிலை என்று வைத்துக்கொள்வோம். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று 18 மாதம் காத்திருந்து பிறகு விண்ணப்பித்தால், அந்த 18 மாதத்துக்குரிய 7,20,000 ரூபாவைக் கேட்க வழியே இருக்காது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அந்தக் கணக்கு கரைந்துபோயிருக்கும்.

இங்கேயும் நிரூபணத்தின் வேறுபாடு உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். குற்றவியல் வழக்கில் எதிரி வாயைத் திறக்காமலே இருக்கலாம், அது அவருடைய உரிமை. தாபரிப்பு வழக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவருக்குத்தான் நட்டம். சம்பள விபரத்தை அவர் மறைத்தாலும் நீதிமன்றம் அவருடைய தொழில்தருநரிடமிருந்து அதை அழைப்பிக்கலாம். கைக்குக் கிடைத்த சாட்சியத்தை வைத்துத் தொகையை நிர்ணயிக்கலாம். கட்டளையிட்ட பிறகும் கட்டவில்லை என்றால் சம்பளத்திலிருந்து பிடிக்கச் செய்யலாம். செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். மறியலுக்குப் போகிறார் என்பதால் இதையும் பொலிஸ் வழக்கு என்று ஊர் சொல்லும். இல்லை, அடித்ததற்கான தண்டனை வேறு, நீதிமன்றக் கட்டளைப்படி கட்டாததற்கான நிறைவேற்றல் வேறு.

தாபரிப்பைக் குறித்து நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். பொலிஸ் நிலையத்தில் இரு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி, கடைசியில் ஒரு தாளில் ‘இருவரும் சமாதானமாகப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் பகுதியில் நிறையவே நடக்கிறது. பெண் வீட்டாருக்கு அது அப்போதைக்குப் பெரிய நிம்மதி. இனி அடிக்க மாட்டான், பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று மூச்சு விடுகிறார்கள். ஆனால் தாபரிப்புச் சட்டம் சொல்வது என்ன தெரியுமா? கணவனும் மனைவியும் ஒருவரின் சம்மதத்தோடு ஒருவர் பிரிந்து வாழ்ந்தால், வாழ்க்கைத் துணைக்கான தாபரிப்புக் கட்டளை இட முடியாது. அந்த ஒரு தாளைக் கணவர் ஆறு மாதத்துக்குப் பிறகு நீதவான் முன் நீட்டினால், உங்கள் தங்கைக்கான பங்கு அங்கேயே ஆட்டம் காணும். பிள்ளைகளின் பங்கு அதனால் பாதிக்கப்படாது என்பது மட்டும்தான் ஆறுதல். விவாகரத்து வழக்கிலும் அதே தாள் எதிராகத் திரும்பும். ‘அவர் என்னை அடித்து விரட்டினார்’ என்று வழக்காடும் பெண்ணிடம் ‘நீங்கள் சம்மதித்துத்தானே பிரிந்தீர்கள்’ என்று கேட்பார்கள்.

உங்கள் தங்கை அப்படி எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். இட்டிருந்தால் அந்தத் தாளின் பிரதியை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். இடவில்லை என்றால் இனி இட வேண்டாம். பொலிஸார் வற்புறுத்தினால், ‘உயிருக்குப் பயந்து பெற்றோர் வீட்டில் தங்கியிருக்கிறேன், பிரிந்து வாழச் சம்மதிக்கவில்லை’ என்று எழுதும்படி அமைதியாகக் கேட்கலாம். அதே சம்பவத்தில் இந்த ஒரு வரி, மேலே சொன்ன வரிக்கு நேர் எதிரான விளைவைத் தரும்.

இதையெல்லாம் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு விவாகரத்துச் சட்டமும் காரணம். இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக்கு மூன்று காரணங்களே அடிப்படை. பிறர்மனை சேர்தல், தீய எண்ணத்துடன் கைவிட்டுப் பிரிதல், திருமணத்தின்போதே இருந்த தீர்க்க முடியாத ஆண்மைக் குறைவு ஆகியவை அவை. அடித்தல் என்பது தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. கணவர் 316 இன் கீழ் குற்றவாளியாகி மறியலுக்குப் போனாலும், அதைக் காட்டி மட்டும் திருமணத்தைக் கலைக்க முடியாது. கணவரின் நடத்தை மனைவி வீட்டைவிட்டு ஓடும்படி செய்தது, அந்த நடத்தைக்குப் பின்னால் மணவாழ்க்கையை முடிக்கும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அப்போது வீட்டைவிட்டு வெளியேறியது மனைவி என்றாலும், சட்டத்தின் பார்வையில் கைவிட்டவர் கணவர். இப்படித்தான் குற்றவியல் வழக்கின் சாட்சியங்கள் குடியியல் வழக்குக்கு உதவுகின்றன. அன்றிரவே கொடுத்த முறைப்பாடு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, பாதுகாப்புக் கட்டளை எல்லாம், அவர் ஏன் வெளியேறினார் என்பதற்கு விடை சொல்லும். கணவர் தரப்பு ‘எந்தக் காரணமும் இன்றி அவளே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்’ என்று எதிர்வழக்குப் போடும்போது இவை இல்லாமல் நின்றால் கஷ்டப்படுவீர்கள். குற்றவியல் தீர்ப்பு அப்படியே மாவட்ட நீதிமன்றத்தைக் கட்டிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். தங்கை அங்கே மீண்டும் சாட்சி சொல்லத்தான் வேண்டும்.

சீதன வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் குடும்பச் சண்டை என்றால் காணியையும் வீட்டையும் பேசாமல் பதில் முடியாது. வீடு தங்கையின் பெயரில் சீதன உறுதியாக எழுதப்பட்டிருந்தால், தேசவழமைக்கு உட்பட்ட அவருக்கு அது அவருடைய தனிச் சொத்து. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கணவரால் அதை விற்க முடியாது. ஆனால் தங்கை விற்கவோ ஈடு வைக்கவோ விரும்பினால் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இந்தக் கட்டு இன்னும் நடைமுறையில் இருப்பது எனக்குக் கடும் வருத்தம். தன் பெயரில் இருக்கும் சொந்தக் காணியை அடித்து விரட்டியவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்து விற்க வேண்டிய நிலையில் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் கைவிடப்பட்ட மனைவியோ, காரணமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டவரோ அந்தச் சம்மதம் இன்றியே பரிமாற்றம் செய்ய மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. நகையைப் போன்ற அசையும் சொத்துக்குக் கணவரின் சம்மதம் தேவையே இல்லை. நகைகளை அவர் எடுத்து அடகு வைத்துவிட்டார் என்றால், அதை மீட்பதும் பெறுமதியைக் கேட்பதும் குடியியல் விடயம். நம்பி ஒப்படைத்ததை நேர்மையின்றித் தன் பயனுக்குப் பயன்படுத்தினார் என்றால் குற்றவியல் முறைப்பாடும் கொடுக்கலாம். அடகுச் சீட்டு, திருமண நகைப் பட்டியல், படங்கள் கிடைத்தால் சேர்த்து வையுங்கள்.

நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றமாக இருந்தாலும் நீதவான் நீதிமன்றமாக இருந்தாலும், ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கிடைக்காது. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போது மாவட்ட நீதிமன்றத்திலும் மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். அப்போது தாபரிப்பில் ஏற்கனவே என்ன கிடைக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மறைத்தால் நம்பகத்தன்மை போய்விடும், அதைத் திரும்பப் பெற முடியாது.

சரி, இப்போது கணவர் வீட்டாரின் பேரம். ‘முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள், விவாகரத்துக்குச் சம்மதம்’ என்கிறார்கள். அவர்கள் விற்கும் பொருளைப் பாருங்கள். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் இருவரும் சம்மதித்தால் விவாகரத்து என்ற வழியே கிடையாது. கணவர் சம்மதித்தாலும் மேலே சொன்ன காரணங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அதன் பிறகும் முதல் தீர்ப்பாணை கிடைத்து மூன்று மாதம் கழித்துத்தான் அது முழுமையாகும். ஆகவே அவர் ‘சம்மதம்’ என்று சொல்வதற்கு அதிகபட்ச அர்த்தம், வழக்கை எதிர்க்க மாட்டேன் என்பதுதான். அது வாய்வார்த்தை. அதற்காகத் தங்கை கொடுப்பதோ, தான் வெளியேறியதற்கான காரணத்தை நிறுவும் முதல் சான்று. முறைப்பாடு பொய்யானது என்று எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கச் சொன்னால் இன்னும் மோசம். அந்த வரி தாபரிப்பிலும் விவாகரத்திலும் பிள்ளைகளின் பொறுப்பு வழக்கிலும் அவருக்கு எதிராகப் பேசும்.

தவிர, இந்த வழக்கை அவர் நினைத்த மாத்திரத்தில் கைவிட முடியாது. சாதாரண காயம் போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் இணங்கினால் வழக்கைச் சமாதானமாக முடிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடம் தருகிறது. சில சிறிய குற்றங்களைப் பொலிஸார் இணக்கசபைக்கு அனுப்புவதும் உண்டு. எலும்பு முறிந்த வழக்கும் அப்படிச் சுலபமாக முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நீதிமன்றத்தில் என்ன நடக்கலாம், நடக்கக்கூடாது என்பதை வழக்கை நடத்தும் சட்டத்தரணி தங்கையின் முன்னிலையில் சொன்ன பிறகே முடிவெடுங்கள்.

சமாதானத்தை நான் எதிர்க்கவில்லை. இருவரும் பிள்ளைகளுக்காகப் பேசி முடிக்க விரும்பினால் அதைப் பொலிஸ் நிலையத்தில் வெள்ளைத்தாளில் முடிக்காமல், தாபரிப்பு வழக்கில் நீதவான் முன் பதிவு செய்யட்டும். மாதத் தொகை, பிள்ளைகளைப் பார்க்கும் நாட்கள், நல்லூர் வீட்டின் திறப்பு, நகை ஆகியவற்றை முதலில் ஒப்புக்கொள்ளட்டும். அவை பதிவான பிறகு அடித்த வழக்கில் என்ன செய்வது என்பதைத் தனியாகப் பேசலாம். ஒன்றை இன்னொன்றுக்கு விலையாக வைத்துக் கைமாற்றுவது, சமாதானம் என்ற பெயரில் பெண்ணை மிரட்டுவதற்கு வழி திறந்துவிடும்.

பணம் இல்லை என்று தயங்கினால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுங்கள். வருமானம் குறைவாக இருப்பவர்களின் தாபரிப்பு, வீட்டு வன்முறை வழக்குகளை அவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். போகும்போது திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலைத் துண்டுகள், எக்ஸ்ரே, சீதன உறுதியின் பிரதி, கணவரின் வேலையிடம் பற்றிய விபரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முதலில் பாதுகாப்புக் கட்டளைக்கும் தாபரிப்புக்கும் ஒரே கிழமையில் விண்ணப்பியுங்கள். விவாகரத்து வழக்கை இரண்டு மூன்று மாதம் தாமதித்தாலும் பாதகமில்லை; திருமணத்தை முடிப்பதா என்பதைத் தங்கை கை குணமாகி, தூக்கம் திரும்பிய பிறகு தானாகவே முடிவு செய்யட்டும்.